அதே பெயருள்ள கார்டு

கீரனூரைத் தாண்டி நார்த்தாமலைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நான் பதினோரு வருடம் லேப் அசிஸ்டென்ட்டாக இருந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். நான் வெளியே வந்ததற்குக் காரணம் உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளமான ஒரு கிராபிக்ஸ் கார்டு. யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சொல்லி முடிக்கும்போது யாரும் சிரிப்பதில்லை.

என் நண்பன் அதே கல்லூரியில் கம்ப்யூட்டர் துறையில் உதவிப் பேராசிரியர். புதுக்கோட்டையில் பாலிடெக்னிக் படித்தபோது இருவரும் ஒரே பெஞ்ச். டிப்ளமோ முடித்ததும் அவன் மேலே படிக்கப் போனான். அப்பா வாங்கிய டிராக்டர் கடனுக்காக நான் வேலைக்குப் போனேன். பின்னால் அவன்தான் என்னை அந்தக் கல்லூரியில் சேர்த்துவிட்டான். தனியாக இருக்கும்போது 'டா' போட்டுப் பேசுவோம். மாணவர்கள் யாராவது வந்துவிட்டால் நான் 'சார்' என்பேன். அவன் 'வாங்க, போங்க' என்று மாறிக்கொள்வான். இதில் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. நடைமுறை என்று இருந்துவிட்டேன்.

ஒரு கோடை விடுமுறையில் தாளாளருக்கு ஒரு யோசனை வந்தது. திருச்சிப் பக்கம் இரண்டு கல்லூரிகளில் கேம் டிசைன் என்று புதிய பட்டப்படிப்பு தொடங்கியிருந்தார்கள். நம்மிடமும் தொடங்க வேண்டும், அதற்கொரு 'கேமிங் லேப்' வேண்டும், சேர்க்கை தொடங்கும் முன் பெற்றோர்களுக்குத் திறந்து காட்ட வேண்டும் என்றார். புதிய கம்ப்யூட்டர்கள் வாங்க அவருக்கு மனமில்லை. ஆபீஸ் லேபில் இருபத்து நான்கு சிறிய டெஸ்க்டாப்புகள் இருந்தன. ஏதோ ஒரு நிறுவனம் கழித்துப் போட்டதை மொத்தமாக வாங்கியவை. தடித்த அகராதியை நிமிர்த்தி வைத்த அளவுதான் இருக்கும். டைப் அடிக்கவும் கணக்குப் பார்க்கவும் நல்ல மெஷின்கள். இவற்றையே கேம் மெஷின்களாக மாற்ற முடியுமா என்று தாளாளர் நண்பனிடம் கேட்டார். அவன் என்னிடம் வந்தான்.

"ஒனக்குத்தாண்டா தெரியும் இதெல்லாம். ஆகுமா ஆகாதா?"

"ஆகும். ஆனா எல்லாக் கார்டும் போட முடியாது," என்றேன்.

ஒரு மெஷினின் மூடியைக் கழற்றிக் காட்டினேன். வழக்கமான கிராபிக்ஸ் கார்டு அதன் உயரத்துக்கு உள்ளேயே போகாது. லோ புரொபைல் என்று பாதி உயரத்தில் வரும் கார்டுதான் பொருந்தும். அடுத்தது மின்சாரம். பெரிய கார்டுகளுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனியாக ஒரு வயர் போக வேண்டும். இந்த மெஷின்களின் பவர் சப்ளையில் அந்த வயரே கிடையாது. அதன் மொத்தத் திறனும் குறைவு. ஆகவே மதர்போர்டில் கார்டைச் செருகும் இடத்திலிருந்து கிடைக்கும் மின்சாரத்திலேயே ஓடுகிற கார்டு வேண்டும். அங்கே அதிகபட்சம் எழுபத்தைந்து வாட் கிடைக்கும். அதற்குள் ஓடும் கார்டுகள் இருக்கின்றன. பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

"ஒண்ணு வாங்கிப் போட்டுப் பாரு. ஓடுச்சுன்னா சொல்லு, நான் மேல பேசுறேன்," என்றான்.

திருச்சிக்குப் பஸ் ஏறிப்போய் ஒரு கார்டு வாங்கி வந்தேன். முப்பது வாட்டில் ஓடும் சின்னக் கார்டு. அதனுடன் வந்த உயரமான தகட்டைக் கழற்றிவிட்டு, பெட்டிக்குள் இருந்த குட்டைத் தகட்டை மாட்டினேன். ஒரு மெஷினின் பிராசசர் மேல் காய்ந்துபோயிருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் பூசினேன். ஒற்றை ராம் இருந்த இடத்தில் அதே மாதிரி இன்னொன்றைச் சேர்த்து இரண்டாக்கினேன். எங்கள் மானிட்டர்கள் நீல முனையில் முள் முள்ளாக இருக்கும் பழைய வயர் போடுபவை. கார்டில் அந்த இடமே இல்லை. அதற்கு ஒரு கன்வர்ட்டர் வாங்கினேன். கார்டைப் போட்டுவிட்டு மானிட்டர் வயரைப் பழையபடி போர்டின் பின்பக்கம் செருகினால் கார்டு போட்டதே வீண். படம் கார்டு வழியாகத்தான் வரவேண்டும். இதைக்கூட ஒரு தாளில் எழுதி வைத்தேன்.

ஒரு மாதம் அந்த மெஷினோடு இருந்தேன். விடுமுறையில் லேபில் ஆள் கிடையாது. அணி அணியாகச் சுடும் கேம், ராக்கெட் கார் கேம், கால்பந்து என்று இலேசான கேம்கள், காட்சித் தரத்தைக் குறைத்து வைத்தால், வழுக்கிக்கொண்டு ஓடின. நொடிக்கு அறுபது, எழுபது பிரேம், அதாவது படங்கள். முப்பதுக்குக் கீழே போனால்தான் அசைவு விட்டுவிட்டுத் தெரியும். தாளாளர் போஸ்டரில் போட ஆசைப்பட்ட கார் பந்தயம் கொஞ்சம் பெரியது. தெளிவைக் குறைத்து, நிழல்களையெல்லாம் அணைத்த பிறகு அதுவும் தடுமாறாமல் ஓடியது. அதற்கு மேலான புதிய கேம்கள் ஓடவில்லை. கார்டில் மெமரி போதாது, பிராசசரும் பழசு. மூடியை மூடி இரண்டு மணி நேரம் ஓட்டி, சூடு எவ்வளவு ஏறுகிறது என்றும் பார்த்தேன். தாங்கியது.

உண்மையைச் சொன்னால் என் வேலையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த மாதம் அது. கழித்துப் போட்ட பெட்டி ஒன்று என் கையால் வேறொன்றாக மாறியது. நண்பன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து உட்கார்ந்து என்னோடு கால்பந்து ஆடுவான். தோற்றால் பாலிடெக்னிக்கில் திட்டிய கெட்ட வார்த்தைகளிலேயே திட்டுவான்.

இரண்டு பக்கம் அறிக்கை எழுதி அவனிடம் கொடுத்தேன். கையெழுத்தில்தான். நகல் வைத்துக்கொள்ளவில்லை. ஓடும், ஆனால் இன்ன கேம்கள் மட்டும் என்று எழுதினேன். ராம் இரண்டாக்க வேண்டும் என்று எழுதினேன். முக்கியமாக ஒன்றை அடிக்கோடிட்டு எழுதினேன். இந்தக் கார்டு ஒரே பெயரில் இரண்டு வகையாக விற்கிறது. ஒன்றில் வேகமான மெமரி, மற்றதில் சாதாரண மெமரி. பெட்டியின் மேல் பெயர் ஒன்றுதான், ஓரத்தில் பொடி எழுத்தில்தான் வித்தியாசம் தெரியும். சாதாரண மெமரிக் கார்டு பாதி வேகம்கூட வராது. வாங்கும்போது அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

அவன் மேலே கொடுத்த திட்டத்தை நான் பிறகுதான் பார்த்தேன். எட்டுப் பக்கம், வண்ணப்படங்களோடு. என் இரண்டு பக்கம் அதில் ஒரு வரியாக இருந்தது. 'நமது கணினிகளில் பரிசோதித்துப் பார்க்கப்பட்டது, வெற்றிகரமாக இயங்குகிறது.'

"எங்கடா நான் எழுதுன 'ஆனா'வெல்லாம்?" என்று கேட்டேன்.

"அவருக்கு 'ஆனா'ன்னு ஆரம்பிச்சாலே புடிக்காதுடா. வாங்கும்போது நான் பாத்துக்கிறேன்."

கார்டுகள் திறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்னால் வந்தன. செவ்வாய்க்கிழமை. விழா சனிக்கிழமை. முதல் பெட்டியைக் கையில் எடுத்ததுமே ஓரத்தைப் பார்த்தேன். சாதாரண வகை என்று பொடி எழுத்தில் இருந்தது. இருந்தாலும் ஒன்றை மாட்டி, கார்டின் விவரம் காட்டும் புரோகிராமைத் திறந்தேன். சாதாரண மெமரி. தரவு ஓடும் வேகம் என் கார்டில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. கார் பந்தயத்தைப் போட்டேன். நொடிக்கு இருபது பிரேமைத் தாண்டவில்லை. திருப்பத்தில் கார் விட்டுவிட்டுத் தெரிந்தது. கூடுதல் ராமும் வந்திருக்கவில்லை.

நண்பனைப் போனில் கூப்பிட்டேன். வந்தான். திரையைப் பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"பேரு ஒண்ணுதானடா போட்டிருக்கு?"

"பேரு ஒண்ணுதான். அதத்தான் கோடு போட்டு எழுதிக் குடுத்தேன்."

"சப்ளையர் இதுதான் ஸ்டாக் இருக்குன்னான். கொஞ்சம்தான் வித்தியாசம்னு சொன்னான்." கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "திருப்பி அனுப்புனா மூணு வாரமாகும். சனிக்கிழம வைக்க முடியாது. போஸ்டரெல்லாம் அடிச்சாச்சு."

"வா, போய்த் தாளாளர்ட்ட சொல்லிருவோம். விழாவுக்கு நான் டெஸ்ட் பண்ண மெஷின் ஒண்ண மட்டும் வச்சுக் காட்டுவோம். மத்தது பின்னாடி வரும்னு சொல்லலாம்."

அவன் என் கையைப் பிடித்தான். அந்தப் பிடி இப்போதும் நினைவிருக்கிறது. "இப்ப வேணாம்டா. இந்த மாசம் எனக்கு ஹெச்.ஓ.டி பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. இதுல சொதப்பிட்டேன்னு தெரிஞ்சா எல்லாம் போச்சு. நீ எப்பிடியாச்சும் செட்டிங்ஸ எறக்கி வச்சு ஓட்டிரு. விழா முடியட்டும், நானே போய்ச் சொல்லி மாத்திர்றேன். என் மேல சத்தியம்."

நான் ஒப்புக்கொண்டேன். இதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அவன் ஏமாற்றினான் என்று சொல்லிக்கொண்டு திரிவது எனக்குச் சுலபம். ஆனால் இருபத்து மூன்று கார்டுக்கும் குட்டைத் தகடு மாற்றி, ஸ்குரூ முறுக்கி, உள்ளே செருகியது என் கை. ஓடாது என்று தெரிந்தே செருகினேன். மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் தெளிவைக் குறைத்து, மரங்களை எடுத்து, கூட்டத்தை எடுத்து, வானத்தில் மேகத்தைக்கூட எடுத்தேன். திரை முழுக்கக் கலங்கிய தண்ணீர் மாதிரி ஆனது. அப்படியும் முப்பதைத் தொட்டுத் தொட்டுக் கீழே விழுந்தது.

சனிக்கிழமை காலை பெற்றோர்கள் வந்தார்கள். குடுமியான்மலை, அன்னவாசல் பக்கமிருந்து எல்லாம் வந்திருந்தார்கள். மகனைக் கூட்டிக்கொண்டு வேட்டி சட்டையில் வந்த விவசாயிகள், அப்பா துபாயில் இருக்க அம்மாவோடு வந்த பிள்ளைகள். வாசலில் ரோஜா நிறத்தில் விளக்குக் கட்டியிருந்தார்கள். தாளாளர் ரிப்பன் வெட்டினார். நண்பன் மைக்கில் பேசினான். நன்றாகத்தான் பேசினான்.

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். நான் டெஸ்ட் செய்த மெஷின் முதல் வரிசையில் ஓரமாக இருந்தது. அதில் உட்கார்ந்த பெண் சிரித்துக்கொண்டே ஓட்டினாள். மற்ற இருபத்து மூன்றிலும் முதல் வளைவு வந்தது. கார் நின்றது, குதித்தது, சுவரில் இருந்தது.

"சார், லேக் ஆகுது."

"இங்கிட்டும் ஆகுது சார்."

"செட்டிங்ஸே லோவுலதான் இருக்கு, இதுக்குக் கீழ எறக்க ஒண்ணுமில்ல," என்றான் விவரம் தெரிந்த ஒருவன்.

இன்னொருவன் பையிலிருந்து போனை எடுத்தான். அதே கார் பந்தயத்தின் போன் வடிவம் அதில் இருந்தது. அதைத் திறந்து மானிட்டர் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டினான். போனில் கார் வழுக்கிக்கொண்டு போனது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் அப்பா, "இதுக்கு எதுக்குப்பா காலேஜு, வீட்லயே இருக்கலாம்ல?" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். தாளாளர் அவருக்கு இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

மத்தியானம் அறைக்குக் கூப்பிட்டார். நாங்கள் இருவரும் போனோம். நண்பனுக்கு நாற்காலி இருந்தது. நான் நின்றேன்.

"இந்த மெஷின்ல ஓடும்னு சொன்னது யாரு?" தாளாளர் சத்தம் போடவில்லை.

நண்பன் முந்திக்கொண்டான். "டெஸ்ட் பண்ணது லேப் அசிஸ்டென்ட் சார். இவரு குடுத்த ரிப்போர்ட்ட நம்பித்தான் நான் புரொப்போசல் வச்சேன்."

பதினோரு வருடத்தில் அவன் வாயிலிருந்து 'இவரு' என்று ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் அது யாரோ ஒருவரைச் சொன்னது.

"சார், ஓடும்னுதான் எழுதுனேன். ஆனா வேகமான மெமரி உள்ள கார்டுதான் வாங்கணும்னு எழுதியிருந்தேன்," என்றேன்.

"அந்த ரிப்போர்ட் எங்க?"

நான் நண்பனைப் பார்த்தேன். "தேடிப் பாக்கணும் சார்," என்றான்.

தாளாளர் என் பக்கம் திரும்பினார். "சரி. கார்டு வந்தப்ப நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"அப்பவே தெரிஞ்சுச்சா, இது வேறன்னு?"

"தெரிஞ்சுச்சு சார்."

"ஏன் எங்கிட்ட வந்து சொல்லல?"

நியாயமான கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில்தான் என்னிடம் இருந்தது. அது என் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அவனே சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் மேசைமேல் இருந்த ஏசி ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் அது பழக்கம் என்றுதான் தோன்றுகிறது. மூன்றாம் மனிதர் இருக்கும் இடத்தில் அவன் சார், நான் லேப் அசிஸ்டென்ட்.

"தப்புத்தான் சார்," என்றேன்.

கார்டுகளைக் கழற்றச் சொன்னார்கள். செருகிய கையாலேயே கழற்றினேன். சப்ளையர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். 'நீங்க கேட்ட பேருதானே குடுத்தேன்' என்றாராம். அதுவும் உண்மைதான். கார்டுகள் ஸ்டோர் ரூம் அலமாரிக்குப் போயின. என்னைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். விடைத்தாள் கட்டுகளை எண்ணிக் கயிறு கட்டும் வேலை. என்னைக் கடந்து போகும் மாணவர்களில் ஒன்றிரண்டு பேர் 'லேக் சார்' என்று மெதுவாகச் சொல்வார்கள். மூன்று மாதம் தாங்கினேன். பிறகு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதே வாரத்தில் நண்பன் துறைத் தலைவரானான்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னபோது மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "செவ்வாக்கெழமயே தெரிஞ்சும் நாலு நாளு ஏங்க சும்மா இருந்தீங்க?"

"அவன் கையப் புடிச்சுக் கேட்டாண்டி."

"அவரு கேட்டாரு. நீங்க எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கலையே?" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சர்வீஸ் கடையில் இருக்கிறேன். முதலாளி நல்லவர். வாரத்துக்கு இரண்டு பேராவது பழைய ஆபீஸ் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, இதில் கேம் ஓடுமா என்று கேட்கிறார்கள். உயரம், வாட், மெமரி வகை, ராம், பிராசசர் என்று நான் சொல்ல ஆரம்பிப்பேன். பாதியில் அவர்கள் கண் வேறெங்கோ போய்விடும். எதிர்க் கடையில் 'ஓடும்ணே' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பலர் அங்கே போகிறார்கள்.

போன தை மாதம் நண்பன் வந்தான். கடைக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு, ஒரு சின்ன டெஸ்க்டாப்பை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. கண்ணாடி போட்டிருந்தான்.

"எப்பிடி இருக்கடா?" என்றான். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் எதிரிலேயே 'டா' போட்டான்.

"இருக்கேன். என்ன இது?"

"வீட்டுக்கு வாங்குனேன். பாப்பா கேம் போட்டுத் தரச் சொல்றா. நீயே ஒரு கார்டு போட்டுக் குடு. அந்தச் சின்னக் கார்டுதான் போதும்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மெமரி மட்டும் பாத்துப் போடுடா. வேகமானதா. ரெண்டு ராமும் போட்ரு."

என் இரண்டு பக்கத்தையும் அவன் படித்திருக்கிறான். வரி வரியாகப் படித்திருக்கிறான். இத்தனை நாள் ஞாபகமும் வைத்திருக்கிறான். சப்ளையர் ஏமாற்றியிருக்கலாம், அவசரத்தில் கவனிக்காமல் விட்டிருக்கலாம், அவனுக்குப் புரியாமலும் இருந்திருக்கலாம் என்றெல்லாம் அத்தனை காலமும் அவனுக்காக எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். அந்த வாதமெல்லாம் அங்கேயே முடிந்தது.

மூடியைக் கழற்றினேன், தூசி ஊதினேன், பேஸ்ட் மாற்றினேன். கார்டின் பெட்டியை அவன் எதிரில் திருப்பி ஓரத்தில் இருந்த பொடி எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். அவன் பார்த்தான். தலையாட்டினான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கார்டைப் போட்டு ஒரு கேமை ஓட்டிக் காட்டினேன். அறுபதுக்கு மேலேயே நின்றது.

"நீ போட்டா சரியாத்தாண்டா இருக்கும்," என்றான். பில்லை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "ஒருநா வீட்டுக்கு வாடா," என்று சொல்லிவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போனான்.

கார் கீழராஜ வீதிப் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். கடையில் நின்ற இருவரில் ஒருவர், "ஒங்க கூட்டாளியாண்ணே?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவரு," என்றேன்.